அழகு நிலையத்துக்கு ஜிஎஸ்டி எப்போது வரும், பில் எப்படிப் போடுவது

"மாசம் ஒன்றரை லட்சம் வருதுதான். ஆனா வாடகை, சம்பளம், க்ரீம் செலவெல்லாம் போக முப்பதாயிரம்கூட நிக்கல. எனக்கெல்லாம் ஜிஎஸ்டி எதுக்கு?" பியூட்டி பார்லர் நடத்தும் பெண்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. கையில் நிற்கும் லாபத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி சட்டம் லாபத்தைப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒரு நிதியாண்டில் மொத்தம் எவ்வளவுக்கு விற்றீர்கள், எவ்வளவுக்கு வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது.

தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவருக்கு அந்த எல்லை 20 லட்சம் ரூபாய். அதைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 40 லட்சம் என்றும் ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. அது பொருளை மட்டும் விற்பவர்களுக்கானது. ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவருக்கு 40 லட்சம் பொருந்தலாம். ஆனால் புருவம் திருத்தி, முடி வெட்டி, கூடவே ஷாம்பூவும் விற்பவருக்கு 20 லட்சம்தான், ஷாம்பூ விற்பனை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி.

எதையெல்லாம் கூட்ட வேண்டும்?

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். 20 லட்சம் என்பது கடைக்கு உள்ள எல்லை அல்ல, ஒரு பான் எண்ணுக்கு உள்ள எல்லை. அந்தப் பான் எண்ணில் நடக்கும் எல்லா விற்பனையும் எல்லா சேவையும் ஒன்றாகச் சேரும். இரண்டாவது கிளை இருந்தால் அதுவும் சேரும். வரியே இல்லாத வருமானம்கூடச் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாடி வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனாலும் எல்லையைக் கணக்கிடும்போது அதையும் கூட்டியாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திண்டுக்கல்லில் ஓர் அக்கா பார்லர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிதியாண்டு 2025-26. த்ரெடிங், ஃபேஷியல், ஹேர்கட் என்று கடையில் மாதம் 95,000 ரூபாய் வருகிறது, ஆண்டுக்கு 11,40,000. முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறார், ஒரு ஆர்டர் 15,000 ரூபாய். ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் சுத்தமாகக் குறைந்துவிடும், வைகாசி, ஆவணி, தை மாதங்களில் சேர்ந்து வரும். ஆண்டு முழுவதற்கும் 49 ஆர்டர், 7,35,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 18,75,000. எல்லைக்கு இன்னும் ஒன்றேகால் லட்சம் இருக்கிறது என்று அவர் நிம்மதியாக இருப்பார்.

ஆனால் கடையில் விற்கும் க்ரீம், ஷாம்பூ வகையில் மாதம் 12,000 வருகிறது, ஆண்டுக்கு 1,44,000. அவர் பெயரில் உள்ள மாடி வீட்டின் வாடகை மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. எல்லாம் சேர்த்தால் 21,15,000. எல்லையைத் தாண்டிவிட்டார், அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் இது தெரியும் என்றால் காலம் கடந்துவிடும். எந்த நாளில் தாண்டினார் என்பதே முக்கியம். இந்த அக்காவுக்கு பிப்ரவரி கடைசியில் கூட்டுத்தொகை 19,55,000 ஆகியிருக்கும். மீதி 45,000 தான். மார்ச் 11 அன்று ஒரு கல்யாண ஆர்டரோடு 20 லட்சத்தைக் கடக்கிறார் என்று கொள்வோம். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 10-க்குள், பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் ஏப்ரல் 1 வருகிறதே, புதிய ஆண்டுக்குக் கணக்கு பூஜ்யத்திலிருந்துதானே தொடங்கும் என்று விட்டுவிட முடியாது. மார்ச் 11 அன்று வந்த கடமை நிதியாண்டு மாறியதால் போய்விடாது.

அதனால் ஒரு நோட்டில் மாதக் கடைசியில் அந்த மாத வரவையும் ஏப்ரலிலிருந்து வந்த மொத்தத்தையும் எழுதி வையுங்கள். ஜிபே, ஃபோன்பே வரவு மட்டும் போதாது, கைக்காசும் சேர வேண்டும். மொத்தம் 17 லட்சத்தைத் தொட்டதும் மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவதை வாரத்துக்கு ஒருமுறையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முகூர்த்த வாரம் போதும், ஒரு லட்சம் ஏறிவிடும்.

எல்லை தாண்டாமல் இருக்க, பாதி வருமானத்தைக் கணவர் பெயரிலோ தங்கை பெயரிலோ காட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஒரே கடை, ஒரே போர்டு, ஒரே ஆட்கள் என்று இருக்கும்போது காகிதத்தில் மட்டும் இரண்டாகப் பிரிப்பது விசாரணையில் நிற்காது. உண்மையாகவே தங்கை தனியாக நடத்தும் கடை என்றால் அது வேறு விஷயம், அது அவருடைய பான் எண்ணில் வரும்.

20 லட்சத்துக்கு முன்பே பதிவு கட்டாயமாகும் ஒரு சூழலும் உண்டு. வீட்டில் காய்ச்சிய கூந்தல் எண்ணெயையோ சோப்பையோ பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் பார்சல் போட்டு விற்கிறீர்கள் என்றால், அது மாநிலம் தாண்டிய பொருள் விற்பனை. அதற்கு 20 லட்சம், 40 லட்சம் என்ற எந்த விலக்கும் கிடையாது, முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கும் பெண்கள் பலர் இதை அறியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள். சேவைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதுச்சேரிக்குப் போய் மணப்பெண்ணுக்கு மேக்கப் போட்டு வந்தால், மொத்தம் 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை அதற்காகப் பதிவு தேவையில்லை.

பதிவும் முதல் நாட்களும்

பதிவு gst.gov.in தளத்தில் REG-01 படிவத்தின் வழியே நடக்கிறது. அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆடிட்டர் வாங்குவது அவருடைய கூலி. பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், கடை முகவரிக்குச் சான்று ஆகியவை வேண்டும். வாடகைக் கடை என்றால் ஒப்பந்தப் பத்திரத்தோடு கட்டடக்காரர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீதோ சொத்துவரி ரசீதோ வைக்க வேண்டும். முகவரியில் ஒரு கதவு எண் பொருந்தாவிட்டால்கூட விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பும், அதனால் ஒப்பந்தத்திலும் ரசீதிலும் முகவரி ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

சான்றிதழ் வந்ததும் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண் கிடைக்கும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். சான்றிதழைக் கடையில் பார்வைக்கு மாட்ட வேண்டும், பெயர்ப் பலகையிலும் எண் இருக்க வேண்டும்.

30 நாட்களுக்குள் விண்ணப்பித்தவருக்குப் பதிவு எல்லையைத் தாண்டிய நாளிலிருந்தே செல்லும். நம் அக்காவுக்கு மார்ச் 11. அதற்கு முன் சம்பாதித்த 20 லட்சத்துக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. இது பலருக்கு உள்ள வீண் பயம். மார்ச் 11 முதல் செய்யும் வேலைக்குத்தான் வரி. ஆனால் சான்றிதழ் கைக்கு வரும் வரை பில்லில் ஜிஎஸ்டி எழுத முடியாது, எண்ணே இல்லையே. அந்த இடைப்பட்ட நாட்களின் பில்களுக்கு, சான்றிதழ் வந்த ஒரு மாதத்துக்குள் திருத்திய பில் போட வழி இருக்கிறது. பதிவில்லாத வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே திருத்திய பில்லாகப் போடலாம். வாடிக்கையாளரிடம் அன்று வாங்காத வரியை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், எல்லையைத் தாண்டிய அன்றிலிருந்தே விலையை வரியோடு சேர்த்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஜூலையில் சாவகாசமாக விண்ணப்பித்தால் என்ன ஆகும்? வரி மார்ச் 11 முதலே வரும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு. அதற்கு மேல் அபராதமும் உண்டு: 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரி, இரண்டில் எது அதிகமோ அது.

எவ்வளவு வரி?

2025 செப்டம்பர் 22 முதல் பார்லர், சலூன் சேவைகளுக்கு வரி 5 சதவீதம். அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதோடு ஒரு நிபந்தனை வருகிறது. சேவைக்காக நீங்கள் வாங்கும் பொருளுக்கும் கட்டும் செலவுக்கும் கொடுத்த ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. முன்பு ஃபேஷியல் கிட்டுக்குக் கொடுத்த வரியைக் கழித்துவிட்டு மீதியைக் கட்டினார்கள். இப்போது அந்த வரி உங்கள் செலவிலேயே நின்றுவிடும்.

இதன் வலி கடை வாடகையில்தான் தெரியும். உங்கள் கட்டடக்காரருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்தக் கடை வாடகைக்கான 18 சதவீத வரியை நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும். கடை வாடகை 12,000 என்றால் வரி மாதம் 2,160, ஆண்டுக்கு 25,920. கழிக்கவும் முடியாது. இதற்காக உங்களுக்கு நீங்களே ஒரு பில்லும் போட்டு வைக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் செலவு இது. விலை நிர்ணயிக்கும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

50 லட்சம் வரை உள்ளவர்களுக்கு காம்போசிஷன் என்ற மாற்று வழியும் உண்டு. வரவில் 6 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது, பில்லில் வரியே காட்டக் கூடாது. சாதாரண வரி 18 ஆக இருந்த காலத்தில் அது லாபமாகப் பட்டது. இப்போது 5 சதவீதத்தை வாடிக்கையாளரிடமே வாங்க முடியும் என்பதால், என் பார்வையில் பெரும்பாலான பார்லர்களுக்கு அந்த வழியில் போகக் காரணம் குறைந்துவிட்டது. கடை வாடகை மிக அதிகம் என்றால் மட்டும் ஆடிட்டரோடு உட்கார்ந்து இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

பில்

பதிவு இல்லாதவரைப் பற்றி முதலில். 20 லட்சத்துக்குள் இருப்பவர் சாதாரண ரசீது கொடுக்கலாம். கடைப் பெயர், தேதி, என்ன வேலை, எவ்வளவு தொகை, போதும். ஆனால் அதில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்த்துப் பணம் வாங்கக் கூடாது. பதிவில்லாதவர் வரி வசூலிப்பது குற்றம். பில் போடும் செயலியில் வரி என்ற பெட்டி தானாக டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

பதிவு செய்தவரின் பில்லில் இருக்க வேண்டியவற்றை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளர் ஃபேஷியல் 1,500-க்கும் ஹேர்கட் 500-க்கும் செய்துகொள்கிறார். பழைய வாடிக்கையாளர் என்பதால் 200 ரூபாய் தள்ளுபடி. போகும்போது 354 ரூபாய் எம்ஆர்பி உள்ள ஃபேஸ் க்ரீம் ஒன்றும் வாங்குகிறார்.

சேவைக்குத் தள்ளுபடி போக 1,800. அதற்கு 5 சதவீதம் 90 ரூபாய். இதைப் பாதியாகப் பிரித்து மத்திய அரசின் பங்கு சிஜிஎஸ்டி 45, மாநில அரசின் பங்கு எஸ்ஜிஎஸ்டி 45 என்று காட்ட வேண்டும். தள்ளுபடியைப் பில்லிலேயே எழுதியிருப்பதால்தான் 1,800-க்கு வரி. பில்லில் 2,000 என்று எழுதிவிட்டு 200 ரூபாயைக் கையில் திருப்பிக் கொடுத்தால் 2,000-க்கும் வரி கட்ட நேரிடும்.

க்ரீமுக்கு வரி 18 சதவீதம். ஆனால் 354 என்பது எம்ஆர்பி, வரி ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அதன் மேல் மறுபடி 18 சதவீதம் போடுவது சட்ட விரோதம், வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் சிக்கல் உங்களுக்கு. பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்: 354-ஐ 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 300. அதுதான் பொருளின் மதிப்பு. மீதி 54 வரி, 27 வீதம் இரண்டாகப் பிரியும். விற்பனைக்கு வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியை மட்டும் நீங்கள் கழித்துக்கொள்ளலாம், அதனால் விற்பதற்கு வாங்கும் க்ரீமையும் கடையில் பூசுவதற்கு வாங்கும் க்ரீமையும் சப்ளையரிடம் தனித்தனிப் பில்லாகக் கேட்டு வாங்குங்கள்.

பில் இப்படி வரும்:

கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் (33 என்று தொடங்குவது)
வரி விலைப்பட்டியல்
பில் எண்: 2627/0042   தேதி: 18-05-2026
ஃபேஷியல் (9997): 1,500
ஹேர்கட் (9997): 500
தள்ளுபடி: 200
சேவையின் வரிக்குரிய மதிப்பு: 1,800
சிஜிஎஸ்டி 2.5%: 45
எஸ்ஜிஎஸ்டி 2.5%: 45
ஃபேஸ் க்ரீம் (3304), 1: மதிப்பு 300
சிஜிஎஸ்டி 9%: 27
எஸ்ஜிஎஸ்டி 9%: 27
மொத்தம்: ரூ. 2,244
கையொப்பம்

9997 என்பது அழகு சேவைகள் அடங்கும் குறியீட்டின் முதல் நான்கு இலக்கம், 3304 அழகுசாதனப் பொருளுக்கு உள்ளது. ஆண்டு வரவு 5 கோடிக்குள் இருக்கும் கடைக்கு, பதிவில்லாத வாடிக்கையாளருக்கான பில்லில் இந்தக் குறியீடு கட்டாயமில்லை. ஜிஎஸ்டி எண் உள்ள ஹோட்டலுக்கோ கம்பெனிக்கோ பில் போட்டால் கட்டாயம், அவர்களுடைய பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்ணும் வேண்டும். சாதாரண வாடிக்கையாளருக்குப் பில் 50,000 ரூபாயைத் தொட்டால் அவருடைய பெயரும் முகவரியும் எழுத வேண்டும். பெரிய கல்யாணப் பேக்கேஜ்களில் இது வரும்.

பொருளுக்கெல்லாம் 18 சதவீதம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஷாம்பூ, கூந்தல் எண்ணெய், ஃபேஸ் பவுடர், குளியல் சோப்புக் கட்டி இவற்றுக்கு அதே செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். க்ரீம், லிப்ஸ்டிக், ஹேர் டை போன்றவை 18-லேயே இருக்கின்றன. பில் செயலியில் பொருளின் பெயரை ஏற்றும்போதே சரியான விகிதத்தைப் போட்டுவிட்டால் தினசரி குழப்பம் இராது.

பில் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நிதியாண்டு முழுவதும் வரிசையாகப் போக வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. தவறாகப் போட்ட பில்லைக் கிழித்து எறிய வேண்டாம். ரத்து என்று எழுதி இரண்டு பிரதியையும் புத்தகத்திலேயே வைத்திருங்கள். அதிகாரி வந்தால் முதலில் பார்ப்பது எண் எங்கே விடுபட்டிருக்கிறது என்பதைத்தான்.

ஐம்பது ரூபாய் த்ரெடிங்குக்கெல்லாம் ஒவ்வொருவருக்கும் பில் போட முடியுமா? 200 ரூபாய்க்குக் குறைந்த தொகை, வாங்குபவருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அவர் பில் கேட்கவும் இல்லை என்றால் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. அன்றைய சிறு தொகைகளையெல்லாம் கூட்டி, கடை மூடும்போது ஒரே பில்லாகப் போட்டுவிடலாம். 30 பேருக்கு த்ரெடிங், மொத்தம் 1,500 என்று ஒரு நோட்டில் குறித்திருந்தால் அந்தப் பில்லுக்கு ஆதாரம் ஆகிவிடும்.

விலைப் பலகையில் இருக்கும் தொகை வரியோடு சேர்ந்ததா, தனியா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1,000 ரூபாய் என்று எழுதியிருப்பதை வரி சேர்ந்ததாகவே வைத்துக்கொண்டால், 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 952.38, அரசுக்கு 47.62. விலையை ஏற்ற மனமில்லாத தெருவில் இருக்கும் கடைக்கு இதுதான் நடைமுறை. கூடுதலாக வாங்குவதென்றால் "ஜிஎஸ்டி தனி" என்று பலகையிலேயே இருக்கட்டும். பில் கொடுக்கும் நேரத்தில் சொன்னால் சண்டைதான் வரும்.

மணப்பெண் ஆர்டரில் முன்பணம் வாங்குவது வழக்கம். சேவைக்கு முன்பணம் வாங்கிய அன்றே அந்தத் தொகைக்கு வரி கட்டும் பொறுப்பு வந்துவிடும். 5,250 ரூபாய் முன்பணம் வாங்கினால் 5,000 மதிப்பு, 250 வரி என்று காட்டி ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். மீதிப் பணத்தை வாங்கும்போது முழுத் தொகைக்கும் பில் போட்டு முன்பணத்தைக் கழித்துக் காட்டலாம். கல்யாணம் நின்று, வேலை நடக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒரு ரீஃபண்ட் வவுச்சர் போட்டால்தான் கட்டிய வரி கணக்கில் சரியாகும். வேலை முடிந்த பிறகு பில் கொடுக்க அதிகபட்சம் 30 நாள் அவகாசம் உண்டு.

வெளியூர் ஆர்டரில் எந்த வரி என்பது மணப்பெண் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்ததல்ல. மேக்கப் எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு. புதுச்சேரிப் பெண் திண்டுக்கல் மண்டபத்தில் அலங்காரம் செய்துகொண்டால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. பதிவு பெற்ற திண்டுக்கல் அக்கா புதுச்சேரி மண்டபத்துக்குப் போய்ச் செய்தால் அதே 5 சதவீதம், ஆனால் பில்லில் மாநிலம் தாண்டிய வேலைக்கான ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும், சேவை நடந்த இடம் புதுச்சேரி என்றும் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் தவறான கணக்கில் பணம் போய், சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.